ஃபீடிங் பிரா: பட்டை ஒரு பக்கம் போகும், கப் இன்னொரு பக்கம் போகும்

கேள்வி: "35 வாரம் ஆகிறது, முதல் குழந்தை. முன்பு 34பி போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது 36சி, அதுவே பிடிக்கிறது. கடையில் 'பால் வந்தா இன்னும் பெருசாகும், 38டி எடுத்துக்கோங்க' என்று நாலு ஃபீடிங் பிராவை எடுத்துப் போட்டார்கள். அத்தையும் 'ரெண்டு சைஸ் பெருசாவே வாங்கு' என்கிறார். எந்த சைஸ் வாங்குவது, எத்தனை வாங்குவது?"

பதில்:

நாலு வேண்டாம், இரண்டு போதும். 38டியும் வேண்டாம். மற்ற இரண்டைக் குழந்தைக்கு ஆறு, எட்டு வாரம் ஆன பிறகு, மறுபடி அளவெடுத்து வாங்குங்கள். நான் பிரசவ வார்டில் நர்ஸாகப் பல வருடம் இருந்து, இப்போது தாய்ப்பால் ஆலோசகராக வேலை செய்கிறேன். பால் கட்டிக்கொண்டு வருகிற பெண்களில் பலர் போட்டிருப்பது அவர்கள் உடம்புக்குச் சம்பந்தமில்லாத சைஸாகத்தான் இருக்கும். பெரும்பாலும் பட்டை தளர்ந்து, கப் இறுகி இருக்கும். கடைக்காரரும் அத்தையும் சொல்வதை அப்படியே கேட்டால் நீங்களும் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

சைஸில் உள்ள எண்ணும் எழுத்தும் இரண்டு வெவ்வேறு இடத்தின் அளவு. எண், மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி வரும் பட்டைக்கு உரியது. எழுத்து, கப்புக்கு உரியது. பிரசவத்துக்குப் பிறகு இந்த இரண்டும் ஒரே திசையில் போவதில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வயிறு மேலே ஏற ஏற விலாக்கூடு விரிந்துகொடுக்கும். உங்கள் 34 இப்போது 36 ஆனது பெரும்பாலும் அதனால்தான். குழந்தை பிறந்ததும் விலாக்கூடு மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்ப ஆரம்பிக்கும், அதற்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆக, பட்டையின் அளவு இனிமேல் குறையத்தான் போகிறது. கப்போ மூன்றாம், நான்காம் நாளில் சட்டென்று ஏறி, பத்து நாளில் கொஞ்சம் இறங்கி, ஒன்றரை இரண்டு மாதத்தில் இன்னும் இறங்கி, ஆறு மாதத்துக்கு மேல் மறுபடி குறையும். "பெருசாகும்" என்று கடையில் சொன்னது கப்பின் ஒரு வாரக் கதைக்குப் பொருந்தும். பட்டைக்குப் பொருந்தாது.

இதை எப்படி அளப்பது என்று பார்ப்போம். தையல்காரர் வைத்திருக்கிற இன்ச் டேப் போதும். மார்புக்கு நேர் கீழே, மூச்சை வெளியே விட்டுவிட்டு, டேப் தரைக்கு இணையாக இருக்கும்படி கொஞ்சம் இறுக்கிப் பிடித்து ஓர் அளவு. பிறகு நிப்பிள் உயரத்தில், இறுக்காமல், மெல்லிய துணி மேல் ஓர் அளவு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பிராண்டுகளில் முதல் அளவு இரட்டை எண்ணாக வந்தால் அதோடு 4, ஒற்றையாக வந்தால் 5 கூட்ட வேண்டும். அதுதான் பட்டை எண். 30 இன்ச் என்றால் 34, 31 அல்லது 32 என்றால் 36. இரண்டாவது அளவிலிருந்து இந்தப் பட்டை எண்ணைக் கழித்தால் வருவது கப்: 1 இன்ச் வித்தியாசம் ஏ, 2 பி, 3 சி, 4 டி, 5 டிடி. வெளிநாட்டு பிராண்டுகள் சிலவற்றில் கூட்டும் பழக்கமே இல்லை, அங்கே 32 இன்ச் விலாவுக்கு 32தான். அதனால் அட்டையிலோ வெப்சைட்டிலோ அந்த பிராண்டின் சொந்த அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சேலைக்கு மேல் கண்ணளவில் பார்த்துச் சொல்லும் சைஸை நம்பி வாங்காதீர்கள். கடைகளில் போட்டுப் பார்க்க விடுவதில்லை, கேட்கவும் கூச்சமாக இருக்கும். ஒன்றை மட்டும் வாங்கி, டேக்கைக் கிழிக்காமல் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குவது நல்லது. மாற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் தெரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. கப்பின் எழுத்துக்குத் தனியாக ஒரு அளவு கிடையாது. பட்டை மாறினால் அதே எழுத்தின் கொள்ளளவும் மாறும். 36சி, 34டி, 38பி மூன்றுக்கும் கப் ஒன்றுதான், பட்டை மட்டும் வேறு. அப்படிப் பார்த்தால் உங்களுக்குக் காட்டிய 38டியின் கப் என்பது 36டிடியின் கப். நான்காம் நாளுக்கு அந்தக் கப் ஒருவேளை சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் 38 பட்டை உங்கள் முதுகில் நிற்காது.

பட்டை தளர்ந்தால் என்ன என்று கேட்பீர்கள். பிராவில் எடையைத் தாங்க வேண்டியது பட்டை, ஸ்ட்ராப் இல்லை. பட்டை தளர்ந்தால் முதுகுப் பக்கம் மேலே ஏறும், முன்பக்கம் கீழே இறங்கும், முழு எடையும் தோளில் தொங்கும். கழுத்துவலி, தோளில் பள்ளம் எல்லாம் அதனால்தான். பால் கொடுக்கும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஒரு பக்கக் கிளிப்பைக் கழற்றிக் கப்பை இறக்கிய உடனே அந்தப் பக்கம் பிடிமானம் குறைகிறது. தளர்ந்த பட்டையாக இருந்தால் மொத்தமும் சரிந்து, பட்டையின் ஓரம் விலாவில் உட்காராமல் மார்பின் அடிப்பகுதி மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். பிள்ளை குடிக்கிற இருபது நிமிஷமும் அந்த இடத்தில் ஒரு அழுத்தம். கழற்றிப் பார்த்தால் மார்பின் கீழ்வளைவில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். கோடு விலா எலும்பின் மேல் இருந்தால் பரவாயில்லை. மார்புத் திசுவின் மேல் இருந்தால் அந்தப் பிரா வேண்டாம்.

இப்போது உங்கள் 36சி. "பிடிக்கிறது" என்றீர்கள், எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். பின்னால் பட்டைக்குள் இரண்டு விரலைப் படுக்கவைத்து நுழைக்க முடியவில்லை என்றால் பிடிப்பது பட்டை. அதற்குப் புதுப் பிராகூட வேண்டாம். மூன்று வரிசைக் கொக்கியோடு எக்ஸ்டெண்டர் என்று ஒரு சின்னத் துண்டு ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும், பிரசவம் வரை அதை மாட்டி ஓட்டிவிடலாம். விரல் தாராளமாகப் போகிறது, ஆனால் கப்பின் மேல் ஓரத்தில் சதை பிதுங்குகிறது, அல்லது அக்குள் பக்கம் தழும்பு விழுகிறது என்றால் பிடிப்பது கப். அப்போது 36டி. இரண்டில் எதுவானாலும் பதில் 38 இல்லை.

ஒரு அம்மாவின் அளவுகளைச் சொல்கிறேன், ஏறி இறங்குவது எப்படி என்று புரியும். அவர் ஒரு பள்ளி ஆசிரியை, முதல் பிரசவம், சிசேரியன். 36வது வாரத்தில் விலா 32 இன்ச், மார்பு 39. அதாவது 36சி. குழந்தை பிறந்த முதல் இரண்டு நாள் பெரிதாக மாற்றம் எதுவும் இல்லை, சீம்பால் மட்டும்தான். சீம்பால் ஒரு வேளைக்குச் சில ஸ்பூன்கூட இருக்காது, மார்பு மெத்தென்றுதான் இருக்கும். நான்காம் நாள் காலையில் பால் கொடுப்பதற்கு முன் அளந்தபோது மார்பு 41½ இன்ச், விலா அதே 32. கணக்குப்படி 36டிடிக்கும் மேல். குழந்தை இரண்டு பக்கமும் குடித்து முடித்த பிறகு அளந்தால் 40½. ஒரே வேளையில் ஒரு இன்ச் வித்தியாசம். மூன்றாவது வாரத்தில் விலா 31, மார்பு 40. எட்டாவது வாரத்தில் விலா 30, மார்பு 38, அதாவது 34டி. ஒன்பதாம் மாதம் குழந்தை இட்லி, சாதம் எல்லாம் சாப்பிட ஆரம்பித்திருந்தபோது 34சி.

இந்தக் கணக்கில் எட்டாவது வாரத்தைக் கவனியுங்கள். 36சியில் ஆரம்பித்தவர் 34டியில் நிற்கிறார். எழுத்து ஏறியிருக்கிறது, ஆனால் கப்பின் கொள்ளளவு கர்ப்பகாலக் கடைசியில் இருந்த அதே அளவுதான். இறங்கியது பட்டை. இவர் பிரசவத்துக்கு முன்பே 38டியில் நாலு வாங்கியிருந்தால் நாலுமே முதல் வாரத்துக்கு மேல் பீரோவில்தான் கிடந்திருக்கும். உங்கள் எண்கள் இதே மாதிரி வரும் என்று நான் சொல்லவில்லை. நான்காம் நாளில் எத்தனை கப் ஏறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலருக்கு அரை கப், சிலருக்கு மூன்று கப். ஆனால் திசை எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அந்த நான்காம் நாள் வீக்கத்தை முழுக்கப் பால் என்று நினைக்க வேண்டாம். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் ப்ரொஜெஸ்டிரோன் ஹார்மோன் சட்டென்று விழுகிறது, அதுதான் பால் பெருகுவதற்கான சமிக்ஞை. அந்தப் பெருக்கம் இரண்டு, மூன்று நாள் கழித்துத் தெரிய ஆரம்பிக்கும், சிசேரியன் ஆனவர்களுக்குச் சில சமயம் ஒரு நாள் பிந்தும். அதோடு ரத்த ஓட்டமும் கூடுகிறது, திசுக்களில் நீரும் கோத்துக்கொள்கிறது. டிரிப்ஸ் நிறைய ஏறியவர்களுக்குக் கால் வீங்குகிற மாதிரியே மார்பும் வீங்கும். இந்த நீர் சில நாளில் வற்றிவிடும். அதனால்தான் அந்த வாரத்து அளவை வைத்து நல்ல பிரா வாங்கினால் பணம் வீண் என்கிறேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையில் இருக்க வேண்டியது இழுவை உள்ள மெல்லிய துணிக் கப்போடு, கம்பி இல்லாத, பின்னால் நான்கு அல்லது அதற்கு மேல் கொக்கி வரிசை உள்ள இரண்டு பிரா. வரிசைக்கு வரிசை அரை இன்ச்சுக்குக் குறையாமல் இடம் இருக்கும். இப்போது கடைசி வரிசையில், அதாவது மிகவும் தளர்ந்த இடத்தில், மாட்டினால் சரியாக இருக்க வேண்டும். விலா சுருங்கச் சுருங்க உள்ளே இருக்கும் வரிசைக்கு நகர்ந்துகொண்டே வரலாம். முதல் வரிசையிலேயே மாட்டியும் முதுகில் பட்டை ஏறுகிறது என்றால் 34க்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கப் இப்போது இருப்பதைவிட ஒரு எழுத்து கூடுதலாக இருக்கட்டும், மீதியை இழுவைத் துணி பார்த்துக்கொள்ளும். பஞ்சு வைத்து வார்த்த கப் அந்த வாரத்தில் உதவாது. அது மார்புக்குத் தகுந்த மாதிரி வளைந்துகொடுக்காது, மார்புதான் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

பால் கட்டி மார்பு கல்லு மாதிரி இருக்கிற நாளில் பிரா போடுவதா வேண்டாமா என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் இருக்கும். "போடாதே, பால் இறங்காது" என்று ஒரு பாட்டி, "இறுக்கிக் கட்டு, இல்லைன்னா தொங்கிப்போகும்" என்று இன்னொரு பாட்டி. தொங்குவதற்குக் கர்ப்பமும் வயதும்தான் முக்கியக் காரணம். பால் கொடுப்பதாலோ, பத்து நாள் பிரா போடாததாலோ அது வருவதில்லை. இறுக்கிக் கட்டுவது அந்தக் காலத்தில் பால் வற்றவைக்கச் செய்தது. வலியைக் கூட்டும், இப்போது அதற்குக்கூட யாரும் பரிந்துரைப்பதில்லை. பிரா போடாமல் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் கனத்த மார்பு ஆதரவில்லாமல் தொங்கினால் கீழ்ப்பக்கம் நீர் கோத்து வலி கூடுகிறது என்று பல அம்மாக்கள் சொல்வார்கள், அவர்களுக்குத் தாங்கலாக ஒரு பிரா இருந்தால் நிம்மதி. தாய்ப்பால் பற்றிய மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மார்பு வீக்கத்துக்குத் தாங்கிப்பிடிக்கும் சரியான அளவுப் பிரா போடச் சொல்கிறது. கூடவே குளிர் ஒத்தடம் கொடுக்கவும், அழுத்தித் தேய்க்காமல் இருக்கவும், குழந்தை கேட்பதற்கு மேல் பம்ப் வைத்து எடுக்காமல் இருக்கவும் சொல்கிறது. நம் வீடுகளில் வெந்நீர் ஒத்தடம்தான் வழக்கம், கட்டியைப் பிசைந்து கரைப்பதும் வழக்கம். பால் கொடுப்பதற்குச் சற்று முன் வெதுவெதுப்பாக ஒத்தினால் பால் இறங்கச் சுலபமாக இருக்கும், அதுவரை சரி. பிசைவதை மட்டும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

மல்லிகைப் பூவை பிராவுக்குள் வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கேட்காமலேயே யாராவது கொண்டுவந்து வைப்பார்கள். அது பாலைக் குறைக்கும் என்பது வெறும் பேச்சில்லை, வேலூரில் 1980களில் ஆய்வே செய்து பார்த்திருக்கிறார்கள். அதனாலேயே பால் சுரப்பு நிலைப்படுகிற முதல் வாரங்களில் அது வேண்டாம்.

கம்பி வைத்த பிரா பற்றியும் கேட்பார்கள். கம்பி போட்டால் பால்கட்டி வரும் என்று அடித்துச் சொல்வதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கம்பி மார்புத் திசுவின் மேல் உட்கார்ந்தால் அழுத்தும், அளவு தினமும் மாறுகிற காலத்தில் அது எங்கே உட்காரும் என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான் என் ஆட்சேபம். எட்டு வாரத்துக்குப் பிறகு, கம்பி முழுக்க விலா எலும்பின் மேல் உட்காருகிற மாதிரி சைஸ் கிடைத்தால், வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். தூங்கும்போது வேண்டாம்.

கிளிப் வகையில் ஒன்றைக் கவனித்து வாங்குங்கள். சில பிராவில் கப் இறங்கியதும் மார்பைச் சுற்றி முக்கோணமாக ஒரு துணிச் சட்டம் மிச்சம் இருக்கும், சிலவற்றில் கப் முழுக்க இறங்கிவிடும். சட்டம் உள்ளது தாங்கிப்பிடிக்கும், ஆனால் அதன் ஓட்டை சின்னதாக இருந்தால் மார்பின் ஓரத்தை நெரிக்கும். கடையில் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் தெரியாது. வீட்டில் போட்டு, கப்பை இறக்கி, பக்கவாட்டில் சட்டத்தின் ஓரத்துக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பாருங்கள். ராத்திரியில் போட, முன்பக்கம் குறுக்காக மடிந்து, இழுத்து விலக்குகிற மாதிரி உள்ள கிளிப்பில்லாத பிரா நல்லது, ஒழுகும் பாலை உறிஞ்ச உள்ளே வைக்கும் பேட் நிற்பதற்கு அவ்வளவு போதும். ஜிப் வைத்தது மலிவாகக் கிடைக்கும், தோல் மாட்டிக்கொள்ளும் என்பதால் எனக்குப் பிடிக்காது. எது வாங்கினாலும் இடது கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் கிளிப்பைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், இப்போதே ஒரு தலையணையை வைத்துப் பழகலாம்.

ஆறாவது வாரத்துக்கு வருவோம், ஏனென்றால் எனக்கு அதிகமாக போன் வருவது அப்போதுதான். முதல் மாதம் முழுக்க மார்பு கனத்து, ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் ஒழுகி, நைட்டி நனைந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒருநாள் காலையில் எழுந்தால் மார்பு மெத்தென்று இருக்கிறது, ஒழுகுவதும் நின்றுவிட்டது, பிராவின் கப் சுருங்கி மடிகிறது. "பால் வத்திப்போச்சு" என்று அழுகை. உடனே பவுடர் பால் டப்பா வாங்கிவிடுவார்கள். வற்றவில்லை. முதல் வாரங்களில் ஹார்மோன்கள் கொடுக்கிற உந்துதலில் மார்பு தேவைக்கு மேலேயே சுரக்கும். பிறகு ஒவ்வொரு மார்பும் எவ்வளவு காலியாகிறதோ அதற்கேற்பச் சுரப்பைத் திட்டப்படுத்திக்கொள்கிறது. ஒரு மாதக் குழந்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய 750 மில்லி குடிக்கும், அடுத்த சில மாதங்களும் அந்த அளவை ஒட்டியேதான் இருக்கும். அதாவது கப் குறைகிற அதே வாரங்களில் குழந்தை குடிக்கும் அளவு குறைவதில்லை. பால் போதுமா என்று பார்க்க வேண்டியது பிராவில் இல்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டிவிட்டதா, அதற்குப் பிறகு முதல் மூன்று மாதம் தினம் 25, 30 கிராம் சராசரியாக ஏறுகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இல்லாமல் மார்பும் மெலிந்தால் அது வேறு விஷயம், குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

மறுபடி அளவெடுக்க நல்ல சமயமும் இதை ஒட்டித்தான் வருகிறது. மார்பு மெத்தென்று ஆகி ஒரு வாரம் ஓடியதும், காலையில் முதல் பால் கொடுப்பதற்கு முன் அளந்து பாருங்கள். நிறைந்திருக்கும் நேரத்துக்குப் பொருந்தும் கப்பே உங்களுக்குச் சரியான கப். குடித்து முடித்த பிறகு அளந்து வாங்கினால் ராத்திரி ஐந்து மணி நேரம் குழந்தை தூங்கிவிட்ட அன்றைக்குக் கப் நெரிக்கும். காலி ஆன பிறகு மேல் ஓரத்தில் துணி கொஞ்சம் சுருங்கினால் சுருங்கட்டும். பேட் வைப்பவராக இருந்தால் பேடை வைத்தே போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்காது, குழந்தைக்குப் பிடித்த பக்கம் பெரிதாக இருக்கும். பெரிய பக்கத்துக்குக் கப் வாங்கி, சின்னப் பக்க ஸ்ட்ராப்பை ஏற்றிக்கொள்ளுங்கள். இந்தச் சுற்றில் இரண்டு மூன்று வாங்கலாம். நம் ஊர் வேர்வைக்குப் பருத்திதான். ஈரமான பேடையோ பிராவையோ போட்டபடி இருந்தால் மார்புக்கு அடியில் தோல் சிவந்து அரிக்கும், பூஞ்சைத் தொற்றும் வரும். நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

பிரா மாற்றியும் அடங்காத சில விஷயங்கள் உண்டு. மார்பில் ஒரு இடம் மட்டும் சிவந்து, சூடாக, தொட முடியாத வலியோடு இருக்கிறது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், அல்லது ஒரு நாள் கழித்தும் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பக்கமும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். எழுத்தில் படித்து இதற்கெல்லாம் நான் வைத்தியம் சொல்ல முடியாது, கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டி ஒன்று வாரக்கணக்கில் அதே இடத்தில், அதே அளவில் இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

உங்கள் பழைய 34பிகளைத் தூக்கிப்போட வேண்டாம், துவைத்து எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் திட உணவு ஏறி, பால் வேளைகள் குறையக் குறையக் கப் இறங்கும். பால் நிறுத்திய சில மாதங்களில் பலருக்குப் பழைய அளவே வந்துவிடும், சிலருக்கு ஒரு கப் கூடவோ குறையவோ நிற்கும். ஆனால் பீரோவில் கிடந்தே எலாஸ்டிக் செத்துப்போயிருக்கும். மாட்டுவதற்கு முன் பட்டையை ஒரு தடவை இழுத்து விட்டுப் பாருங்கள், சுருங்கித் திரும்பவில்லை என்றால் புதுசு வாங்கிக்கொள்ளலாம்.